"பிரேக் ஈவன் ஆயிடும் மச்சி"ன்னு சொன்னா, எந்த பிரேக் ஈவன்னு கேளுங்க

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஒருத்தர் உங்ககிட்ட வந்து, "ஒரு புது பிராடக்ட் ஆரம்பிக்கிறேன், நீயும் பணம் போடு. மாசம் 750 பாக்கெட் வித்தாலே பிரேக் ஈவன். அதுக்கு மேல வர்றது எல்லாம் லாபம்தான்"னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. எக்செல் ஷீட்டையும் காட்டுறார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாதான் இருக்கு. ஆனா அதே 750 பாக்கெட்டை அஞ்சு வருஷம் ஒரு மாசம் கூட தவறாம வித்தாலும், போட்ட பணத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல உங்களுக்கு நஷ்டம். ஷீட்ல தப்பே இல்லாம இது எப்படி நடக்கும்? அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

பிரேக் ஈவன்ங்கிற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு கணக்குப் புத்தகத்துல லாப நஷ்டம் பூஜ்யம் ஆகிற இடம். இன்னொண்ணு போட்ட பணத்துக்கு உண்மையிலேயே நியாயம் கிடைக்கிற இடம். முதலாவதை அக்கவுண்டிங் பிரேக் ஈவன்னும், ரெண்டாவதை ஃபைனான்ஷியல் பிரேக் ஈவன்னும் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல பிசினஸ் பேசும்போது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான் பேசுறோம். அதுதான் சுலபமா வர்ற நம்பர், அதுதான் சின்ன நம்பரும் கூட.

முதல்ல புத்தகக் கணக்கு

ஒரு உதாரணத்தை எடுத்துப்போம். பிராடக்ட்: அரை கிலோ சிறுதானிய சத்துமாவு பாக்கெட். இது நான் புரியறதுக்காக எடுத்துக்கிட்ட கணக்கு, உங்க ஊர் விலை வேற மாதிரி இருக்கலாம்.

பாக்கெட் மேல எம்ஆர்பி என்ன வேணா இருக்கட்டும். கடைக்காரர் மார்ஜின், வரி எல்லாம் போக நம்ம கைக்கு வர்றது 150 ரூபாய். இந்த இடத்துலயே பலர் எம்ஆர்பியை வெச்சு கணக்கு போட்டுடுவாங்க, அது கூடாது. கடைக்காரர் கையில தங்கிப் போற பணம் நம்ம வருமானமே இல்ல. கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை, வறுக்கிற செலவு, அரைக்கிற செலவு, பவுச், லேபிள், கடைக்குக் கொண்டு போற செலவு எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 90 ரூபாய். ஆக, ஒவ்வொரு பாக்கெட் விக்கும்போதும் மிச்சமாகிறது 60 ரூபாய். இதுக்கு காண்ட்ரிபியூஷன்னு பேரு. மத்த செலவுகளை அடைக்க அந்த ஒரு பாக்கெட் குடுக்கிற பங்கு அது.

இனி, வித்தாலும் விக்காட்டியும் வர்ற செலவு. வாடகை, ஒரு ஆள் சம்பளம், ஆன்லைன் விளம்பரம் எல்லாம் சேர்த்து மாசம் 35,000. வருஷத்துக்கு 4,20,000. வறுக்கிற மெஷின், அரைக்கிற மெஷின், பேக்கிங் மெஷின் மூணும் சேர்த்து 6 லட்சம். அஞ்சு வருஷம் உழைக்கும், அதுக்கப்புறம் விக்க ஒண்ணும் தேறாதுன்னு வெச்சுப்போம். அக்கவுண்டன்ட் இந்த 6 லட்சத்தை ஒரே வருஷத்துல செலவா எழுத மாட்டார். அஞ்சா பிரிச்சு, வருஷத்துக்கு 1,20,000 தேய்மானம்னு எழுதுவார்.

இப்போ 4,20,000-ஐயும் 1,20,000-ஐயும் கூட்டினா 5,40,000. அதை 60-ஆல வகுத்தா 9,000 பாக்கெட். மாசத்துக்கு 750. நண்பர் சொன்ன அதே நம்பர்.

இந்த 9,000 பொய் இல்ல. அந்த அளவு வித்தா வருஷக் கடைசியில லாப நஷ்டக் கணக்குல சரியா பூஜ்யம் வரும். லாபம் பூஜ்யம்ங்கிறதால வருமான வரியும் பூஜ்யம். பார்க்க நிம்மதியா இருக்கும்.

பூஜ்யத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நஷ்டம்

தேய்மானம் கையை விட்டுப் போற பணம் இல்ல. மெஷினுக்கு 6 லட்சத்தை முதல் நாளே குடுத்துட்டோம். அதனால வருஷம் 9,000 பாக்கெட் வித்தா, புத்தகத்துல லாபம் பூஜ்யம்னாலும் கையில 1,20,000 ரொக்கம் நிக்கும். அஞ்சு வருஷத்துல மொத்தம் 6 லட்சம். போட்ட 6 லட்சம் அப்படியே திரும்பி வந்துடுச்சு, அப்போ பிரேக் ஈவன்தானேன்னு தோணும்.

இப்போ இதை வேற மாதிரி கேட்கிறேன். உங்ககிட்ட ஒருத்தர் 6 லட்சம் வாங்கிட்டு, வருஷா வருஷம் 1,20,000 வீதம் அஞ்சு வருஷத்துல திருப்பித் தர்றார். வட்டி ஒரு ரூபாய் கூட இல்ல. இதை நல்ல முதலீடுன்னு சொல்லுவீங்களா? அந்தப் பணம் பேங்க்ல எஃப்டி-யில கிடந்திருந்தா கூட வட்டி வந்திருக்கும். இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா அதுக்கு மேலயும் எதிர்பார்த்திருப்பீங்க. அந்த வாய்ப்பை விட்டுக் குடுத்தது ஒரு செலவு. ஆனா யாரும் அதுக்கு பில் குடுக்க மாட்டாங்க, அதனால புத்தகத்துல அது ஏறாது. கடன் வாங்கிப் போட்டிருந்தா வட்டி ஏறும். சொந்தப் பணம்னா ஏறவே ஏறாது. ரெண்டு பேர் ஒரே மெஷினை வாங்குறாங்க, ஒருத்தர் லோன்ல, ஒருத்தர் சேமிப்புல. சேமிப்புல வாங்கினவருக்கு பிரேக் ஈவன் குறைவா வர்றதுக்கு இதுதான் காரணம். அவர் திறமைசாலிங்கிறதால இல்ல.

இன்னொரு பணமும் ஷீட்ல இருக்காது. தானியம் மொத்தமா வாங்கி வைக்கணும், பேக் பண்ணின சரக்கு கொஞ்சம் எப்பவும் கையில இருக்கணும், கடைக்காரர் 30 நாள் கடன் கேட்பார். இதுல எப்பவும் ஒரு 1.5 லட்சம் முடங்கிக் கிடக்கும். கடையை மூடும்போது அது திரும்பி வந்துடும்ங்கிறதால அக்கவுண்டன்ட் அதை செலவுன்னு எழுத மாட்டார். ஆனா அஞ்சு வருஷம் அந்தப் பணம் உங்களுக்காக உழைக்கல. இதைத்தான் நடைமுறை மூலதனம், அதாவது வொர்க்கிங் கேபிட்டல்னு சொல்றோம்.

தேய்மானத்தை எடுங்க, அந்த இடத்துல இஎம்ஐ வையுங்க

ஃபைனான்ஷியல் பிரேக் ஈவனை பாடப் புத்தகத்துல பார்த்தா நிகர தற்கால மதிப்பு, தள்ளுபடிக் காரணின்னு பயமுறுத்தும். சம்பளம் வாங்குற நமக்கு அதையே புரிஞ்சுக்க இன்னொரு வழி இருக்கு. நமக்கு நல்லா பழகின இஎம்ஐ.

உங்க பிசினஸுக்கு நீங்களே ஒரு பேங்க்னு நினைச்சுக்கோங்க. மெஷின் வாங்க 6 லட்சம் கடன் குடுக்கிறீங்க, அஞ்சு வருஷத் தவணை. என்ன வட்டி கேட்பீங்க? எஃப்டி வட்டி போதாது, ஏன்னா எஃப்டி-யில பணம் காணாமப் போகாது, இங்க போகலாம். பங்குச் சந்தையில நீண்ட காலத்துக்கு எதிர்பார்க்கிறதை விடவும் கொஞ்சம் கூடத்தான் கேட்கணும். ஏன்னா இது ஒரே ஊர்ல ஒரே பிராடக்ட், பிரிச்சுப் போட்ட முதலீடு இல்ல. நான் 15% எடுத்துக்கிறேன். எக்செல்ல இப்படி அடிங்க:

```
=PMT(15%,5,-600000)
```

1,78,989 வரும். இதுதான் நீங்க உங்க பிசினஸ்கிட்ட வசூல் பண்ண வேண்டிய வருஷ இஎம்ஐ. இதுக்குள்ள அசலும் இருக்கு, வட்டியும் இருக்கு. அக்கவுண்டன்ட் எழுதின 1,20,000 தேய்மானத்துல அசல் மட்டும்தான் இருந்துச்சு. வொர்க்கிங் கேபிட்டல் 1.5 லட்சம் கடைசியில முழுசா திரும்பி வருதுங்கிறதால அதுக்கு வட்டி மட்டும் போதும். 15% வீதம் வருஷம் 22,500.

இப்போ மூணையும் கூட்டுவோம். நிலையான செலவு 4,20,000, மெஷின் இஎம்ஐ 1,78,989, முடங்கின பணத்துக்கு வட்டி 22,500. மொத்தம் 6,21,489. இதை 60-ஆல வகுத்தா 10,358 பாக்கெட். மாசத்துக்கு 863.

750-க்கும் 863-க்கும் நடுவுல மாசத்துக்கு 113 பாக்கெட்தானே வித்தியாசம்னு தோணலாம். அந்த 113 விக்கலைன்னா என்ன ஆகும்னு பார்ப்போம். வருஷம் 9,000 மட்டும் வித்தா, அஞ்சு வருஷமும் வர்ற 1,20,000-ஓட இன்னைய மதிப்பு 15% கணக்குல சுமார் 4,02,000. அஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வர்ற 1.5 லட்சத்தோட இன்னைய மதிப்பு சுமார் 75,000. ரெண்டும் சேர்த்து 4,77,000. நீங்க போட்டது 7,50,000. ஆக "லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல"ன்னு சொன்ன நிலையில, இன்னைய பணத்துல சுமார் 2,73,000 போச்சு. ஆரம்பத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேலன்னு சொன்னது இதைத்தான்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இதே கணக்கை வட்டி 0%-னு வெச்சு போட்டுப் பாருங்க. இஎம்ஐ 1,20,000 ஆயிடும், முடங்கின பணத்துக்கு வட்டி இல்ல, விடை மறுபடியும் 9,000. அதாவது அக்கவுண்டிங் பிரேக் ஈவன்ங்கிறது தனியா வேற ஒரு முறை கூட இல்ல. உங்க பணத்துக்கு விலையே கிடையாதுன்னு ஒத்துக்கிட்டு போட்ட ஃபைனான்ஷியல் பிரேக் ஈவன்தான் அது.

"15% எதுக்கு, 12% ஏன் கூடாது"ன்னு சண்டை போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. 10% வெச்சா 9,888 பாக்கெட், 20% வெச்சா 10,844. வட்டியை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் நம்பர் ஆயிரத்துக்குள்ளதான் நகருது. அதனால வட்டி விகிதத்துல ரொம்ப நேரம் செலவு பண்ணாதீங்க. நம்பரைப் பெருசா நகர்த்துற விஷயம் வேற இருக்கு.

அது உங்க சம்பளம். நண்பரோட ஷீட்ல ஒரு ஆள் சம்பளம் இருக்கு, அவரோட சம்பளம் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல அவரே பேக் பண்றார், சனி ஞாயிறு அவரே கடை கடையா ஏறி இறங்குறார். அந்த நேரத்துக்கு மாசம் 25,000-ன்னு போட்டா கூட வருஷம் 3 லட்சம். 60-ஆல வகுத்தா இன்னும் 5,000 பாக்கெட். 10,358 அப்படியே 15,358 ஆயிடுது. வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கப் போறார்னா, அவர் விட்டுட்டு வர்ற சம்பளம்தான் அங்க வர வேண்டிய நம்பர், 25,000 இல்ல. வேலையை விடலாமா வேண்டாமாங்கிற முடிவு இந்த ஒரு வரியிலதான் இருக்கு. பார்த்தா பெரும்பாலான ஷீட்ல அந்த வரியே இருக்காது.

வரியையும் தொட்டுட்டுப் போயிடுவோம். 9,000-ல லாபம் பூஜ்யம், வரி இல்ல. ஆனா 10,358-ல புத்தகத்துல லாபம் வருது, அதனால வரியும் வருது. தனி உரிமையாளரா நடத்தினா அந்த லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து உங்க ஸ்லாப்ல வரி ஆகும். 30% ஸ்லாப்ல இருந்தா, செஸ் இல்லாம பார்த்தாலே 10,358 சுமார் 10,940 ஆகும். (வருமான வரிக்கு மெஷின் தேய்மானத்தை ஒவ்வொரு வருஷமும் மிச்சம் இருக்கிற மதிப்பு மேல போடுவாங்க. இங்க எளிமைக்காக அதே 1,20,000-ஐ வெச்சிருக்கேன்.) கீழ வர்ற கணக்குல எல்லாம் சம்பளத்தையும் வரியையும் ஓரமா வெச்சுட்டு 10,358-ஐயே எடுத்துக்கிறேன்.

முதல் வருஷம் மெதுவா போனா

இதுவரைக்கும் வருஷா வருஷம் ஒரே அளவு விக்கும்னு வெச்சுக்கிட்டோம். எந்தப் புது பிராடக்டும் அப்படி விக்காது. முதல் வருஷம் கடைக்காரர் ஒரு ஓரத்துலதான் வைப்பார். அந்த வருஷம் 5,000 பாக்கெட்தான் போச்சுன்னு வெச்சுப்போம். மிச்ச நாலு வருஷத்துல எவ்வளவு வித்தா சரியாகும்?

அக்கவுண்டிங் கணக்குல விடை சுலபம். 9,000-ல 4,000 குறைஞ்சுது, அதை நாலு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 1,000. ஆக 10,000 வித்தா போதும். ஃபைனான்ஷியல் கணக்குல முதல் வருஷம் 5,358 பாக்கெட் குறைஞ்சுது. அதோட காண்ட்ரிபியூஷன் சுமார் 3,21,000. இது பேங்க்ல இஎம்ஐ பவுன்ஸ் ஆன மாதிரி. கட்டாத தொகை அப்படியே நிக்காது, அதுக்கு மேல வட்டி ஏறும். அந்த வட்டியோட அடைக்கணும்னா மிச்ச நாலு வருஷமும் வருஷத்துக்கு சுமார் 12,235 பாக்கெட் விக்கணும். 10,000 எங்க, 12,235 எங்க!

அதனால "அஞ்சு வருஷத்துல மொத்தம் 45,000 பாக்கெட் வித்தா பிரேக் ஈவன்"னு மொத்த எண்ணிக்கையில பேசுறவங்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்க. எத்தனை பாக்கெட்ங்கிற அளவுக்கு, எந்த வருஷம்ங்கிறதும் முக்கியம்.

இதே கேள்வி அமெரிக்க காங்கிரஸ்ல வந்தப்போ

சத்துமாவுல வர்ற இந்த இடைவெளி, ஒரு பெரிய விமான நிறுவனத்தோட கணக்குலயும் வந்திருக்கு. ஃபைனான்ஸ் படிக்கிறவங்களுக்கு இன்னைக்கும் பாடமா சொல்லித் தர்ற கதை இது.

லாக்ஹீட் நிறுவனம் 1960-களோட கடைசியில எல்-1011 டிரைஸ்டார்னு மூணு இன்ஜின் வெச்ச ஒரு பெரிய பயணிகள் விமானத்தை உருவாக்க ஆரம்பிச்சுது. போட்டிக்கு கிட்டத்தட்ட அதே அளவுல மெக்டானல் டக்ளஸோட டிசி-10 இருந்துச்சு. டிரைஸ்டாருக்கு இன்ஜின் செய்ய வேண்டிய பிரிட்டனோட ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1971 பிப்ரவரியில திவால் நிலைக்குப் போச்சு. லாக்ஹீடும் பணமில்லாம தடுமாறி, அரசாங்கத்துக்கிட்ட 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கேட்டுது. மக்கள் வரிப்பணத்தை ஜாமீனா வைக்கணும்ங்கிறதால காங்கிரஸ்ல விசாரணை நடந்துச்சு. அங்க நிறுவனத்தோட தலைவர் சொன்ன நம்பர்: 195-லிருந்து 205 விமானம் வித்தா பிரேக் ஈவன். செனட்ல 49-க்கு 48-னு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல உத்தரவாதம் நிறைவேறுச்சு.

ஊவே ரைன்ஹார்ட்ங்கிற பொருளாதார அறிஞர் 1973-ல ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழ்ல இந்தக் கணக்கைப் பிரிச்சுப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். முக்கியமா அவர் பிடிச்ச விஷயம், நம்ம சத்துமாவுல பார்த்த அதே விஷயம்தான்: வருஷக் கணக்கா முடங்கிக் கிடக்கிற பணத்தோட விலை.

நாமளே முழு எண்களை வெச்சு தோராயமா போட்டுப் பார்ப்போம். உருவாக்கச் செலவு 80 கோடியிலிருந்து 100 கோடி டாலர்னு அப்போ பேசப்பட்டுச்சு. நடுவுல 90 கோடின்னு எடுத்துப்போம். முதல் வருஷம் 10 கோடி, அடுத்த நாலு வருஷமும் 20 கோடி வீதம், 1967-லிருந்து 1971 வரைக்கும் செலவாச்சு. ஒரு விமானம் விலை 1.6 கோடி டாலர், அதைச் செய்யிற செலவு 1.25 கோடி, காண்ட்ரிபியூஷன் 35 லட்சம் டாலர். 90 கோடியை 35 லட்சத்தால வகுத்தா 257 விமானம். இது புத்தகக் கணக்கு. தலைவர் சொன்னதை விட ஏற்கனவே கூடுதல்தான்.

இப்போ 10% வட்டி போடுவோம். 1967-ல போட்ட பணத்துக்கு நாலு வருஷ வட்டி, 1968-ல போட்டதுக்கு மூணு வருஷ வட்டின்னு சேர்த்தா, 1971 கடைசியில அந்த 90 கோடி சுமார் 107.5 கோடியா நிக்கும். இவ்வளவுக்கும் ஒரு விமானம் கூட இன்னும் டெலிவரி ஆகல. 1972-லிருந்து ஆறு வருஷத்துல இதை மீட்கணும்னா வருஷ இஎம்ஐ சுமார் 24.7 கோடி டாலர். 35 லட்சத்தால வகுத்தா வருஷத்துக்கு 70, ஆறு வருஷத்துக்கு 423 விமானம். விமான நிறுவனங்கள் முன்கூட்டியே குடுக்கிற அட்வான்ஸைச் சேர்த்தா இது கொஞ்சம் குறையும். எண்ணிக்கை கூடக் கூட தொழிலாளிகளுக்குக் கை பழகி செய்யிற செலவும் குறையும். ஆனா 257-க்கும் 423-க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை அதெல்லாம் மூடிடாது.

சத்துமாவுல இடைவெளி 15%-தான் இருந்துச்சு, இங்க 65% ஆயிடுச்சு. வட்டி இங்க குறைவுதான், 10%. வித்தியாசம் காலத்துல வந்துச்சு. சத்துமாவுல மெஷின் வந்த உடனே விற்பனை ஆரம்பம். விமானத்துல அஞ்சு வருஷம் பணம் வெளியே மட்டும் போச்சு. முதல் விற்பனைக்கு முன்னாடி காத்திருக்கிற காலம் நீள நீள ரெண்டு பிரேக் ஈவனும் விலகிக்கிட்டே போகும். ஆப் டெவலப் பண்றவங்க, லைசென்ஸுக்கும் டெஸ்டிங்குக்கும் ஒண்ணரை வருஷம் காத்திருக்கிற பிராடக்ட் பண்றவங்க இதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோட படிங்க.

கடைசியில உற்பத்தி நிக்கிற வரைக்கும் செஞ்ச டிரைஸ்டார் மொத்தம் 250. நிறுவனம் சொன்ன 205-ஐத் தாண்டிடுச்சு. ஆனாலும் அதுக்கப்புறம் லாக்ஹீட் இன்னொரு பயணிகள் விமானத்தைச் செய்யவே இல்ல.

பணம் போட்டதுக்கு அப்புறம் நம்பர் மாறும்

1967-ல இந்த விமானத்தை ஆரம்பிக்கலாமான்னு கேட்டா 90 கோடியும் கணக்குல வரணும். 1971-ல, 90 கோடி போனதுக்கு அப்புறம், தொடரலாமா நிறுத்தலாமான்னு கேட்டா, போனது திரும்பாது. இனிமே போற பணமும் இனிமே வர்ற பணமும் மட்டும்தான் கணக்கு. ஒரே பிராடக்டுக்கு ரெண்டு தேதியில ரெண்டு பிரேக் ஈவன் வரும், ரெண்டும் சரி. ஆரம்பிச்சது தப்பா இருந்தாலும் தொடர்றது சரியா இருக்கலாம்.

சத்துமாவுக்கே வருவோம். ஒரு வருஷம் முடிஞ்சுது. எவ்வளவு தலைகீழா நின்னாலும் வருஷம் 8,000 பாக்கெட்டுக்கு மேல போகாதுன்னு தெரிஞ்சுடுச்சு. 10,358-க்கு ரொம்பக் கீழ, 9,000-க்கும் கீழ. உடனே மூடிடலாமா? இப்போ 6 லட்சத்தை மறந்துடுங்க. கேட்க வேண்டிய கேள்வி, இந்த மெஷினை இன்னைக்கு வித்தா என்ன கிடைக்கும்?

3 லட்சம் கிடைக்கும்னா, தொடர்ந்து நடத்துறதுக்கு அர்த்தம் அந்த 3 லட்சத்தை மறுபடியும் பிசினஸ்ல போடுறீங்கன்னுதான். மிச்சம் நாலு வருஷம், 15%, இஎம்ஐ சுமார் 1,05,000. முடங்கின பணத்துக்கு வட்டி 22,500, நிலையான செலவு 4,20,000. மொத்தத்தை 60-ஆல வகுத்தா சுமார் 9,126 பாக்கெட். உங்ககிட்ட இருக்கிறது 8,000. வித்துட்டு வெளியே வந்துடலாம்.

அதே மெஷினுக்கு 1 லட்சம்தான் கிடைக்கும்னு பழைய மெஷின் வாங்குறவர் சொல்றார்னா, இஎம்ஐ சுமார் 35,000 ஆகுது, பிரேக் ஈவன் 7,959-க்கு இறங்குது. அப்போ அதே 8,000 பாக்கெட்டை வெச்சுக்கிட்டு மிச்ச நாலு வருஷமும் ஓட்டலாம். ஆனா 41 பாக்கெட்தான் இடைவெளி. அதனால வாடகை ஏறின அன்னைக்கே இந்தக் கணக்கை மறுபடியும் போடணும்.